போன் கடனுக்கு அடகு போவது நம் சொந்தக்காரர் பெயர்

எமது தோட்டங்களில் அவசரத்துக்குப் பணம் தேடுவது புதிய விஷயம் அல்ல. பிள்ளைக்குச் சுகமில்லை, பாடசாலைக்குப் பணம் கட்ட வேண்டும், திடீரென்று ஒரு சாவு வீடு, ஆனால் சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. முன்பெல்லாம் கடைக்காரரிடம் கேட்போம். சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் கேட்போம். அதுவும் இல்லாவிட்டால் காதில் கிடக்கிற தோட்டைக் கழற்றிக்கொண்டு டவுனுக்குப் போவோம். இப்போது இன்னொரு வழியும் வந்துவிட்டது. கையில் இருக்கிற போனில் ஓர் ஆப் போட்டால், பத்து நிமிஷத்தில் பணம் வந்துவிடும் என்கிறார்கள். பிணை வேண்டாம், நகை வேண்டாம், அடையாள அட்டையின் படமும் நம் முகப்படமும் போதும் என்கிறார்கள்.

போன் வழியாகக் கடன் கொடுக்கிற எல்லாரும் மோசக்காரர்கள் என்று நாம் சொல்லவில்லை. வங்கிகளும் போன் வழியாகக் கொடுக்கல் வாங்கல் செய்கின்றன. நாம் இங்கே விளக்கப்போவது ஒரு குறிப்பிட்ட ரகத்தை. ஏழு நாளில், பதினான்கு நாளில் திருப்பிக் கேட்கிற, கடன் தருமுன்னே நம் போனில் இருக்கிற பெயர்ப் பட்டியலைக் கேட்கிற ரகம் அது. பிணை வேண்டாம் என்று அவர்கள் சொல்வது பொய். பிணை வாங்குகிறார்கள். அந்தப் பிணை நம் நகை அல்ல, நம் சொந்தக்காரர்களின் பெயரும் நம்பரும். இந்த ஒன்று விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம்

கொழுந்து எடுக்கிற ஒரு தாய் போனில் 15,000 ரூபா கடன் கேட்டதாக வைத்துக்கொள்வோம். ஆப்பில் 15,000 சரி என்று வருகிறது. ஆனால் வங்கிக் கணக்கில் வந்து விழுவது 10,500 ரூபா தான். மிச்சம் 4,500 ரூபாவைச் சேவைக் கட்டணம், பரிசீலனைக் கட்டணம் என்று ஏதோ ஒரு பெயரில் முன்கூட்டியே கழித்துவிட்டார்கள். ஏழு நாளில் திருப்பிக் கட்ட வேண்டியது 10,500 அல்ல, முழு 15,000.

வட்டி எவ்வளவு என்று கேட்டால் ஆப்பில் மிகச் சிறிய எண் ஒன்று போட்டிருக்கும். அதைப் பார்த்து ஏமாறக்கூடாது. கையில் வந்தது எவ்வளவு, கையை விட்டுப் போவது எவ்வளவு, இடையில் எத்தனை நாள், இந்த மூன்றையும் மட்டும் பாருங்கள். இங்கே 10,500 ரூபாவுக்கு ஏழு நாளில் 4,500 ரூபா போகிறது. நூறு ரூபாவுக்கு ஒரு கிழமையில் ஏறக்குறைய 43 ரூபா.

லயத்தில் நூற்றுக்குப் பத்து வட்டிக்குக் கொடுக்கிறவரை நாம் திட்டுகிறோம். அவரிடம் இதே 10,500 ரூபாவை வாங்கியிருந்தால் மாதத்துக்கு 1,050 ரூபா வட்டி. அவருக்கு நாலு மாதத்துக்கு மேல் கொடுக்கிற வட்டியை இந்த ஆப் ஒரே கிழமையில் எடுத்துவிடுகிறது.

ஏழாவது நாள் வருகிறது. சம்பளம் இன்னும் வரவில்லை. அப்போது ஆப்பில் "நீடிப்பு" என்று ஒரு பொத்தான் தெரியும். அதை அமர்த்தி 4,500 ரூபா கட்டினால் இன்னும் ஏழு நாள் தருவார்கள். கட்டிய 4,500 கடனில் கழியாது. 15,000 அப்படியே நிற்கும். இப்படி 7ஆம் நாள், 14ஆம் நாள், 21ஆம் நாள் என்று மூன்று தரம் நீடித்து, 28ஆம் நாள் முழுதாகக் கட்டி முடித்தால், அந்தத் தாய் மொத்தம் கட்டியது 28,500 ரூபா. வாங்கியது 10,500. நாலு கிழமையில் 18,000 ரூபா மேலதிகம்.

இவ்வளவு மோசமான கடனை யார் கட்டுவார்கள், கட்டாமல் விட்டுவிட மாட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆப் நடத்துகிறவர்களுக்கும் அது தெரியும். ஏழு நாள் கடனுக்காக ஒருவர் மேல் வழக்குப் போட்டுப் பணம் வாங்குவது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் தான் பெயர்ப் பட்டியலை முதலிலேயே வாங்கி வைக்கிறார்கள்.

பெயர்ப் பட்டியல் எப்படிப் போகிறது

ஆப்பை முதல் தடவை திறந்தவுடன் போன் நம்மிடம் அனுமதி கேட்கும். திரையில் ஒரு சிறு பெட்டி வரும். இங்கிலீஷில் என்றால் "Allow" என்றும் "Don't allow" என்றும் இரண்டு பதில் இருக்கும். முன்னது அனுமதி, பின்னது மறுப்பு. கேள்வியில் "contacts" என்ற சொல் இருந்தால் அது நம் போனில் பதிந்திருக்கிற பெயர், நம்பர் எல்லாவற்றையும் பார்க்கக் கேட்கிறது என்று அர்த்தம். "photos" என்று இருந்தால் படங்கள். "SMS" என்று இருந்தால் நமக்கு வருகிற குறுஞ்செய்திகள். "call logs" என்று இருந்தால் யாருடன் எத்தனை தரம் கதைத்தோம் என்ற கணக்கு. "location" என்று இருந்தால் நாம் நிற்கிற இடம்.

அவசரத்தில் இருக்கிற ஆள் இதை வாசிப்பதில்லை. பணம் வர வேண்டுமே என்று எல்லாவற்றுக்கும் அனுமதி அமர்த்திக்கொண்டே போவார். அனுமதி கிடைத்தவுடன் பட்டியல் நம் போனில் மட்டும் இருக்காது. அதன் பிரதி ஒன்று அவர்களுடைய கம்ப்யூட்டருக்குப் போய்விடும். சில விநாடி வேலை தான். நமக்குச் சத்தமும் கேட்காது, அடையாளமும் தெரியாது.

நாம் போனில் பெயரை எப்படிப் பதிந்து வைக்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். அம்மா, பெரிய அண்ணன், மாமி, கிளாக்கர் ஐயா, டீச்சர், தலைவர், கொழும்பு முதலாளி. பட்டியலைப் பார்க்கிறவனுக்கு யார் சொந்தம், யாருக்கு நாம் மரியாதை கொடுக்கிறோம், யாருக்கு முன்னால் நமக்கு வெட்கம் என்று எல்லாம் நாமே எழுதிக் கொடுத்த மாதிரி இருக்கும்.

எமது லயங்களில் இன்னொரு விஷயமும் உண்டு. பல வீடுகளில் ஒரு போன் தான். அப்பா பேசுவதும் அதில், பிள்ளை படிப்பதும் அதில், கொழும்பில் வேலை செய்கிற மகள் எடுப்பதும் அதில். ஒருவர் அமர்த்துகிற அனுமதி வீட்டில் உள்ள எல்லாருடைய தொடர்புகளையும் சேர்த்தே கொண்டுபோகிறது. மகன் கடன் எடுத்தால் தாயின் மகளிர் சங்கத்து நம்பர்களும் சேர்ந்து போகும்.

அடகுக்கடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அடகு வைத்த தோடு நம்முடையது. பணத்தைக் கட்டினால் திரும்பி வரும். இங்கே அடகு போவது மற்றவர்களுடைய பெயர். அவர்கள் யாரும் சம்மதம் சொல்லவில்லை. கடனை முழுதாகக் கட்டி முடித்தாலும் அந்தப் பிரதி திரும்பி வராது. பின்னால் அனுமதியை எடுத்துவிட்டாலும், ஆப்பையே அழித்துவிட்டாலும், முன்பே போன பிரதி போனது தான். ஆகவே காப்பாற்றிக்கொள்கிற நேரம் "Allow" அமர்த்துகிறதற்கு முன்னால் தான்.

எப்படிக் கண்டுகொள்வது

மூன்று அடையாளங்களைச் சொல்கிறோம். மூன்றையும் பணம் எடுக்கிறதற்கு முன்பே பார்த்துவிடலாம்.

முதலாவது, பெயர்ப் பட்டியலைக் கேட்கிறதா என்பது. அண்ட்ரொயிட் போன்களில் ஆப் எடுக்கிற கூகுள் பிளே கடைக்கு ஒரு விதி இருக்கிறது. 2023 மே 31 முதல், தனிநபர் கடன் கொடுக்கிற ஆப் எதுவும் வாடிக்கையாளரின் தொடர்புப் பட்டியலையோ படங்களையோ பார்க்கக் கூடாது. அதனால் கடன் ஆப் ஒன்று "contacts" கேட்டால், அது அந்தக் கடையின் விதியையே மீறுகிறது. இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. "Don't allow" அமர்த்திப் பாருங்கள். அனுமதி தராவிட்டால் கடன் இல்லை என்று ஆப் நின்றுவிட்டால், அது எதைப் பிணையாக வாங்க வந்தது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அங்கேயே அழித்துவிடுங்கள்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். ஒழுங்கான நிறுவனங்களும் உங்களைத் தெரிந்த இரண்டு பேரின் பெயரைக் கேட்பது உண்டு. அப்போது அந்த இரண்டு பேரைத் தெரிவு செய்வது நீங்கள். அவர்களிடம் கேட்டுவிட்டுக் கொடுக்கலாம். முழுப் பட்டியலையும் அள்ளிக்கொண்டு போவது அது மாதிரி அல்ல.

இரண்டாவது, நாள் கணக்கு. அதே கூகுள் கடையின் இன்னொரு விதிப்படி, முழுக் கடனையும் 60 நாளிலோ அதற்குள்ளோ திருப்பிக் கேட்கிற தனிநபர் கடன் ஆப்புக்கு அங்கே இடம் இல்லை. ஏழு நாள், பதினான்கு நாள் என்று கேட்கிறவர்கள் இதை எப்படித் தாண்டுகிறார்கள்? கடையின் விளக்கப் பக்கத்தில் 91 நாள் முதல் 180 நாள் வரை என்று எழுதி வைப்பார்கள். உள்ளே போய்க் கடன் எடுத்தால் ஏழு நாள் என்று காட்டும். வெளியில் எழுதியிருக்கிற நாளும் உள்ளே காட்டுகிற நாளும் ஒத்துவராவிட்டால் அந்த ஆப் பொய் சொல்கிறது. பொய் சொல்லிக் கடைக்குள் வந்தவன் நம்மிடம் மட்டும் உண்மை பேசப்போவதில்லை.

சில ஆப்கள் கடைக்கே வருவதில்லை. வட்ஸ்அப்பிலோ பேஸ்புக் விளம்பரத்திலோ ஓர் இணைப்பு வரும். அதை அமர்த்தினால் ".apk" என்று முடிகிற ஒரு கோப்பு போனுக்குள் இறங்கும். இதை எந்தக் கடையும் சோதித்துப் பார்க்கவில்லை. போனே எச்சரிக்கை காட்டும். அப்படி வருகிற கடன் ஆப்பைத் தொடவே வேண்டாம்.

மூன்றாவது, யார் கொடுக்கிறார்கள் என்பது. ஆப்பின் பெயர் வேறு, கம்பெனியின் பெயர் வேறு. கம்பெனியின் பெயர், விலாசம், பேசக்கூடிய நம்பர், இவை இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். பெயர் இருந்தால் அதை இலங்கை மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பார்க்கலாம். மத்திய வங்கியின் 1935 என்ற நம்பருக்கு எடுத்தும் இந்தப் பெயரில் அனுமதி பெற்ற நிறுவனம் உண்டா என்று கேட்கலாம்.

"நாங்கள் பதிவு செய்த கம்பெனி, இதோ பதிவு நம்பர்" என்று சில ஆப்களில் போட்டிருக்கும். இதில் பலர் மயங்கிவிடுகிறார்கள். கம்பெனிப் பதிவு என்றால் அந்தப் பெயரில் ஒரு கம்பெனி இருக்கிறது என்பது மட்டும் தான். கடன் கொடுக்கிற முறையை யாரோ மேற்பார்வை செய்கிறார்கள் என்று அதற்கு அர்த்தம் இல்லை. வங்கி, நிதி நிறுவனம், நுண்நிதி நிறுவனம் என்று மத்திய வங்கி அனுமதி கொடுப்பது வேறு, கம்பெனிப் பதிவு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. தெரிந்த வங்கியின் பெயரைச் சொல்லி ஆப் வந்தால், டவுனில் இருக்கிற அந்த வங்கிக் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தவணை நாள் தாண்டினால் என்ன செய்கிறார்கள்

அந்தத் தாயின் கதைக்கே திரும்புவோம். ஏழாம் நாள் காலையிலேயே கோல் வரத் தொடங்கும். சில நேரம் தவணைக்கு முதல் நாளே வரும். முதலில் மரியாதையாகப் பேசுவார்கள். மத்தியானம் ஆகும்போது குரல் மாறும்.

"இன்றைக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டலைன்னா ஒங்க அண்ணனுக்கு எடுப்போம். அப்புறம் ஒங்க கிளாக்கருக்கு எடுப்போம்."

"சம்பளம் வந்ததும் கட்டிடுறேங்க ஐயா. அவங்களுக்கெல்லாம் எடுக்காதீங்க."

"அப்ப இன்னொரு ஆப் அனுப்புறோம். அதில எடுத்து இதைக் கட்டுங்க."

இந்தக் கடைசிப் பேச்சைக் கவனியுங்கள். இரண்டாவது ஆப்பும் அதே ஆட்களுடையதாக இருக்கலாம். 15,000 கட்டுவதற்காக அதில் எடுத்தால் அங்கேயும் கழிவு போகும். கையில் 15,000 வர வேண்டும் என்றால் 21,500 அளவுக்குக் கடன் எழுத வேண்டி வரும். அதைக் கட்ட மூன்றாவது ஆப். ஒரு கடன் நாலு கடனாவது இப்படித்தான்.

பணம் வராவிட்டால் பட்டியலை எடுக்கிறார்கள். சொந்தக்காரருக்கும் கூட வேலை செய்கிறவர்களுக்கும் செய்தி போகும். "இந்த ஆள் உங்களைப் பிணையாகப் போட்டுக் கடன் வாங்கி ஓடிவிட்டார்" என்று இருக்கும். அடையாள அட்டைப் படத்தைப் போட்டுக் கள்ளி, மோசக்காரி என்று எழுதுவார்கள். இன்னும் கேவலமாக, பெண்களின் முகத்தை வெட்டி வேறு ஓர் ஆபாசப் படத்தில் ஒட்டி அனுப்புவதும் நடந்திருக்கிறது. இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் இறுதியில், தெலுங்கானா மாநிலத்தில், இப்படிப்பட்ட ஆப்களின் தொல்லை தாங்காமல் சிலர் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். பொலிஸார் கோல் சென்டர்களைச் சோதனை போட்டு ஆட்களைக் கைது செய்தார்கள். அதன் பிறகு 2022 செப்டெம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி, கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலைத் தொடக்கூடாது என்று தன் கீழ் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டளை போட்டது. சில ஆயிரம் ரூபாக் கடனுக்காக ஓர் உயிர் போனதைப் பார்த்த பிறகு வந்த சட்டம் அது.

அவர்கள் சொல்கிற மிரட்டல்களில் இரண்டு பொய்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, பட்டியலில் இருக்கிறவர்கள் எல்லாரும் பிணை என்பது. பிணைகாரர் என்பவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டவர். ஒருவரின் போனில் என் பெயர் இருந்தது என்பதற்காக நான் பிணைகாரன் ஆகிவிட மாட்டேன். உங்களுக்கு அப்படி ஒரு செய்தி வந்தால் பணம் கட்ட வேண்டாம். செய்தியை அழிக்கவும் வேண்டாம். கடன் வாங்கியவரைத் திட்டாமல் அவரிடம் காட்டுங்கள்.

இரண்டு, நாளைக்குப் பொலிஸ் வந்து பிடிக்கும் என்பது. வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விஷயம். கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டுக் கேட்கலாம். தவணை தவறிவிட்டது என்பதற்காகப் பொலிஸ் வந்து கைது செய்வதில்லை. மாறாக, ஆளைப் பயமுறுத்துவதும், பயமுறுத்திப் பணம் பறிப்பதும் தான் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம்.

ஏற்கெனவே எடுத்துவிட்டால்

வெட்கம் தான் அவர்களின் ஆயுதம். அதனால் முதல் வேலை, அவர்கள் சொல்வதற்கு முன்னால் நாமே சொல்லிவிடுவது. வீட்டில் சொல்லுங்கள். பிறகு போனில் இருக்கிற முக்கியமானவர்களுக்கு இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "நான் ஒரு போன் ஆப்பில் கடன் எடுத்தேன். அவர்கள் என் போனிலுள்ள நம்பர்களை எடுத்துவிட்டார்கள். என்னைப் பற்றி உங்களுக்குக் கேவலமான செய்தியோ படமோ வந்தால் நம்ப வேண்டாம். பணம் கட்ட வேண்டாம். அந்தச் செய்தியைப் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள்." இதை அனுப்புவது கஷ்டம் தான். ஆனால் இது போய்ச் சேர்ந்த பிறகு அவன் பயமுறுத்துவதற்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாவது, சாட்சியைச் சேர்த்து வையுங்கள். ஆப்பை உடனே அழித்துவிட்டால் கணக்கும் போய்விடும். அழிக்கு முன் ஆப்பின் பெயர், கம்பெனியின் பெயர், கேட்ட தொகை, கையில் வந்த தொகை, தவணைத் திகதி தெரிகிற பக்கங்களைப் படம் பிடியுங்கள். கோல் வந்த நம்பர்கள், மிரட்டல் செய்திகள், பணம் கட்டச் சொன்ன வங்கிக் கணக்கு, கட்டிய பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் வையுங்கள். வேறொருவருடைய போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைப்பது நல்லது.

மூன்றாவது, கதவைப் பூட்டுங்கள். போனில் "Settings" திறந்து, "Apps" என்பதில் அந்த ஆப்பைத் தேடி, "Permissions" என்பதற்குள் போய், ஒவ்வொன்றாக "Don't allow" ஆக்குங்கள். சில போன்களில் இடம் கொஞ்சம் மாறியிருக்கும், சொல் இது தான். பிறகு ஆப்பை அழியுங்கள். போன பிரதி திரும்பாது என்று முன்பே சொன்னோம். ஆனால் இனிப் பதிகிற நம்பரும், இனி எடுக்கிற படமும் போகாமல் நிற்கும். போன் விஷயம் விளங்காவிட்டால் படிக்கிற பிள்ளை ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள்.

நாலாவது, முறைப்பாடு. அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் சேர்த்து வைத்த சாட்சியோடு முறைப்பாடு செய்யுங்கள். தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. கடன் பிரச்சினை என்று தொடங்காதீர்கள். "என்னை மிரட்டுகிறார்கள், என் படத்தைப் பரப்புகிறார்கள்" என்று தொடங்குங்கள். குற்றம் அது தான். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இணையத்தில் நடக்கிற இப்படிப்பட்ட தொல்லைகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற நம்பர் இருக்கிறது. பெண்களின் படத்தை வைத்து மிரட்டினால் பொலிஸ் சிறுவர், பெண்கள் பணியகத்தின் 109 நம்பருக்கும் எடுக்கலாம்.

வாங்கிய பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. கையில் வந்த 10,500 கடன் தான். கட்டக்கூடிய தொகையையும் திகதியையும் எழுத்தில் சொல்லுங்கள். கோலில் பேசி முடிக்க வேண்டாம். கம்பெனியின் பெயரில் இல்லாத, யாரோ ஓர் ஆளின் சொந்தக் கணக்குக்குப் பணம் போட்டால் நாளைக்குக் கட்டவில்லை என்று சொல்லிவிடுவான். நீடிப்புக்கு என்று கட்டிக்கொண்டே போவதில் பயன் இல்லை, அதில் கடன் ஒரு சதமும் குறையாது. இதை எல்லாம் தனியாக யோசித்துச் செய்ய முடியாவிட்டால் சேமநல அலுவலகத்துக்கு வாருங்கள். கணக்கைச் சேர்ந்து பார்ப்போம், முறைப்பாட்டை எழுதவும் உதவுவோம். வீட்டில் யாராவது இந்தத் தொல்லையால் பேசாமல், சாப்பிடாமல், வாழ்வது எதற்கு என்கிற மாதிரி இருந்தால் தனியே விட வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 நம்பருக்கு எடுத்துப் பேசலாம்.

இன்னும் ஒன்று

நாம் சொன்ன மூன்று அடையாளங்களும் கள்ளனைக் காட்டும். ஆனால் அவற்றில் அகப்படாத எல்லாரும் நல்லவர்கள் என்று ஆகாது. பட்டியலைக் கேட்காமலே கூடுதல் கழிவு எடுக்கிற ஆப்பும் இருக்கும். அதனால் கணக்கை எப்போதும் கையில் வருகிற பணத்தை வைத்தே பாருங்கள். இன்னொன்று, விதி இருந்தும் அதை மீறுகிற ஆப்கள் கடைக்குள் நுழைகின்றன. ஒரு பெயரை எடுத்துவிட்டால் அடுத்த மாதம் வேறு பெயரில் வந்து நிற்கும். இது கெட்ட ஆப், இது நல்ல ஆப் என்று நாம் இங்கே பெயர் போடாததற்குக் காரணம் அது தான். பெயர் மாறும், கேட்கிற பொருள் மாறாது.

அவசரம் வரும்போது முதலில் சீட்டையோ, மரண உதவிச் சங்கத்தையோ, கூட்டுறவுச் சங்கத்தையோ, அலுவலகத்தில் முற்பணம் கிடைக்குமா என்பதையோ கேட்டுப் பாருங்கள். அங்கே முகத்தைக் காட்டிக் கேட்க வேண்டும், நாலு பேருக்குத் தெரிந்துவிடும் என்று தான் பலர் போன் கடனுக்குப் போகிறார்கள். ஆனால் போனில் ஒரு தடவை "Allow" அமர்த்தினால் தெரியப்போவது நாலு பேருக்கு அல்ல, போனில் உள்ள அத்தனை பேருக்கும்.

இந்தப் பக்கத்தை வாசித்தவர்கள், வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு ஒரு விஷயத்தையாவது சொல்லிக்கொடுங்கள். கடன் தருகிற ஆப் "contacts" கேட்டால், கடன் வேண்டாம்.